கம்புக்கு ஸ்கேல் வைத்தவள்

ஸ்கேல் அக்காவை ஏமாற்றப் பெரிய சூழ்ச்சியெல்லாம் தேவையில்லை. நெஞ்சில் கை வைத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுடைய முதலாளி அதைத்தான் செய்தார். அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வார்த்தைக்குள் தள்ளினாள். அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆறவே ஆறாத இடம்.

பெயிண்ட் கடைக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன வீடியோ நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பதினெட்டு வருடம் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டியவள். மாப்பிள்ளை கொட்டாவி விட்டதையும் மாமியார் முறைத்ததையும் நறுக்கி எறிந்து, பல குடும்பங்களைக் காப்பாற்றிய புண்ணியம் அவளுக்கு உண்டு. பிறகு காலம் மாறியது. என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தானாகவே வீடியோ செய்துவிடும் மென்பொருள் வந்தது. அப்படி எழுதிக் கொடுக்கும் குறிப்புக்கு ப்ராம்ப்ட் என்று பெயர். நாற்பத்தாறு வயதில் அவள் அதைக் கற்றுக்கொண்டாள். 'ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வைராக்கியம்.

ஊரில் இருக்கும் விளையாட்டுப் பயிற்சி மையத்திலிருந்து ஒரு வேலை வந்தது. சிலம்பத்தின் அடிப்படைச் சுற்றுகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல்விளக்க வீடியோ. நிபந்தனைகள் இரண்டு மட்டும். கம்பின் நீளம் மாறக் கூடாது. கை, கையாக இருக்க வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. 'ஒரு வீரன் வேகமாகக் கம்பு சுற்றுகிறான்' என்று எழுதினாள். வந்தவன் கையில் கம்பு முழ நீளத்தில் தொடங்கி, தோளைத் தாண்டும்போது விளக்குக் கம்பம் அளவுக்கு வளர்ந்து, இறங்கும்போது ரப்பர் குழாயாக வளைந்தது. அடுத்ததில் ஒரு கம்பு இரண்டானது. கைகளைக் கேட்கவே வேண்டாம். ஒருவனுக்கு இரண்டும் வலது கை. இன்னொருவனுக்குக் கட்டைவிரல் சுண்டுவிரல் பக்கம் முளைத்திருந்தது. 'ஆறு விரல் வேண்டாம்' என்று எழுதினாள். அடுத்த வீடியோவில் ஆறு விரல் கச்சிதமாக வந்தது. வேண்டாததைச் சொன்னால் அந்த மென்பொருள் 'வேண்டாம்' என்பதை விட்டுவிட்டு மீதியைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவளுக்கு மூன்றாம் நாள்தான் விளங்கியது. அன்றுதான் மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தாள். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, திரையில் ஸ்கேலை வைத்துக் கம்பை அளக்கத் தொடங்கினாள். அலுவலகம் சிரித்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய நாத்தனார் மாடி வீட்டில் குடியிருந்தாள். கணவனின் தங்கை, தனி ஆள். அந்தப் பயிற்சி மையத்தில்தான் கம்பு சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் பாம்பும் கீரியும்தான் என்று ஊர் சொல்லும். இவர்கள் இருவரும் ஊர் வாயில் மண்ணைப் போட்டவர்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவள் மாத்திரையோடு நிற்பாள். அண்ணனைப் பற்றிக் குறை பேசுவதில் இருவருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் அக்கா அந்த வீடியோக்களை அவளிடம் காட்டினாள்.

"அண்ணி, இந்த ஆளு கம்ப சுத்தல. கம்புதான் இவன சுத்திக்கிட்டு இருக்கு" என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதடி. இந்த வாரம் முடியறதுக்குள்ள குடுக்கணும். நிஜமா யாராவது சுத்தின வீடியோ இருந்தா அதை வழிகாட்டியா குடுக்கலாம். அசைவு உன்னோடது, உடம்பு மட்டும் அது செய்யறது. நீ ஒரு காலைப்பொழுது வந்து சுத்திக் குடேன்."

நாத்தனாரின் சிரிப்பு நின்றது. "எங்க மையத்துக்குத்தான் இந்த வீடியோ. நான் இருக்கேனே, பிறகு எதுக்கு அவங்களுக்கு வீடியோ?"

"வரவேற்பு அறையில ஓட விடறதுக்காம். ஆளுங்கள இழுக்க."

"அண்ணி, கேட்டு சொல்லுங்க. இதை வச்சு என்னை வெளிய அனுப்பற கதையா ஆயிடக் கூடாது. எனக்கு வேற தொழில் தெரியாது. அப்புறம், வேலை முடிஞ்சதும் நான் சுத்தினதை அழிச்சிடணும். என் உடம்பு ஊரெல்லாம் சுத்த வேணாம்."

மறுநாள் ஸ்கேல் அக்கா முதலாளியிடம் இரண்டையும் கேட்டாள். முதலாளி அவளைவிட ஆறு வயது சின்னவர். பேச்சு மட்டும் தேன் சொட்டும். நெஞ்சில் கையை வைத்தார்.

"அக்கா, உங்க நாத்தனார் எனக்கும் தங்கச்சி மாதிரி. வாசல்ல ஓடற விளம்பரம்தான், வேற ஒண்ணுமே இல்ல. அவங்க வயித்துல அடிச்சு நான் சோறு சாப்பிடுவேனா?"

அவள் வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தாள். கூடவே, "நான் இருக்கேன்ல" என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தாள்.

படப்பிடிப்பு, பெயிண்ட் கடைக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தில். சாம்பல் நிறச் சுவர். கேமராவை முக்காலியில் பூட்டி, அசையவே விடவில்லை. கம்பு தரையிலிருந்து நாத்தனாரின் புருவம் வரை. அதன் இரண்டு முனையிலும் நடுவிலும் சிவப்பு நாடா சுற்றினார்கள். நாடா இருந்தால் முனை எங்கே முடிகிறது என்று மென்பொருளுக்கும் தெரியும், ஸ்கேலுக்கும் தெரியும். ஒவ்வொரு சுற்றும் ஐந்து விநாடி. கை மங்காமல் பதிய, பாதி வேகத்தில்.

"ஆமை மாதிரி சுத்தச் சொல்றீங்களே, என் மாணவிங்க பார்த்தா மானம் போயிடும்."

"போனா போகுது. விரல் தெரியணும்."

பன்னிரண்டும் முடிந்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கி, நிழல் பரவியிருந்தது. அடங்கிக் கிடந்த கை நாத்தனாருக்கு அரித்தது போலும். யாரும் கேட்காமலே, முழு வேகத்தில், கம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி முன்னால் கொண்டுவந்தாள். ஒருமுறை அல்ல, நான்கு முறை. காற்று 'விர்' என்று கிழிந்தது. பெயிண்ட் வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதன் பிறகு வேலை வேலையாக நடந்தது. நாத்தனாரின் வீடியோவிலிருந்து மூட்டுகளின் வரைபடத்தை எடுத்தாள். அந்த வரைபடத்தில் தோளும் முட்டியும் உண்டு, கம்பு கிடையாது. அதனால் கம்பின் விளிம்புக் கோடுகளையும் சேர்த்துக் கொடுத்தாள். கை சரியாக அமைந்த ஒரு படத்தை முதல் ஃபிரேமாக வைத்தாள். ப்ராம்ப்டில் வீரமும் ஆவேசமும் போய், உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'கேமரா அசையாது. சாம்பல் நிறச் சுவர். தலை முதல் பாதம் வரை தெரியும் ஓர் இளைஞன். நேரான, விறைப்பான மூங்கில் கம்பு. புருவம் வரை உயரம். இரு முனையிலும் நடுவிலும் சிவப்பு நாடா. வலது கை நடு நாடாவில், இடது கை ஒரு சாண் கீழே. இரண்டும் மூடிய பிடி. கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் படிந்திருக்கிறது. கம்பு உடலுக்கு முன்னால் ஒரே ஒரு முறை மெதுவாகச் சுற்றி நிற்கிறது.' ஒவ்வொரு சுற்றுக்கும் இருபது முப்பது முறை ஓட விட்டு, ஒன்றைத் தேர்ந்தாள்.

ஒருநாள் நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேல் அக்கா ஒரு ஃபிரேமை நிறுத்தி, "பாரு, கம்பு பாதியாச்சு. இதுவும் குப்பைக்குத்தான்" என்றாள்.

"ஐயோ அண்ணி, அது கேமராவப் பார்த்து வருது. நேரா உங்க கண்ண நோக்கி வர்ற கம்பு குட்டையாத்தான் தெரியும். அதுல நீளம் குறையலைன்னாதான் தப்பு."

எட்டு நல்ல வீடியோக்களைக் குப்பையில் போட்டிருந்த ஸ்கேல் அக்கா தலையில் அடித்துக்கொண்டு, எட்டையும் திரும்ப எடுத்தாள். அதற்குப் பிறகு கம்பு குறுக்கே கிடக்கும்போது மட்டும் ஸ்கேல். மற்ற நேரத்தில் நாத்தனாரின் வீடியோவில் அதே ஃபிரேமைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. கை உடம்புக்குப் பின்னால் மறைகிற இடங்களில் மென்பொருள் தான்தோன்றித்தனமாக எதையாவது செய்தது. அங்கே வெட்டினாள். கை மறையும் முன் ஒரு வீடியோ முடியும். வெளியே வந்த பின் அடுத்தது தொடங்கும். கத்தரிக்கோல் பிடித்த பழைய கை அல்லவா, வெட்டியது தெரியவே தெரியாது.

பன்னிரண்டும் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. முதலாளி எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வாங்கித் தந்து, "அக்கா இல்லன்னா இந்தக் கம்பெனியே இல்ல" என்றார். ஸ்கேல் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மாலை நாத்தனார் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். "அழிச்சாச்சா அண்ணி?"

"ஆச்சு, ஆச்சு" என்றாள் ஸ்கேல் அக்கா, துணி மடித்தபடி.

ஆகவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்ன பொய்யும் இல்லை அது. எடுத்ததை அழிப்பது என்பது வீடியோ வெட்டும் ஆட்களின் ஜாதகத்திலேயே கிடையாது. நாளைக்கு யாராவது ஒரு மாற்றம் கேட்டால் என்ன செய்வது? பத்து வருடத்துக்கு முந்திய கல்யாணங்கள்கூட அவளுடைய கணினியில் பத்திரமாகத் தூங்கின. பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு மறந்தும் போனாள்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வேலை நேரத்தில் நாத்தனாரிடமிருந்து ஃபோன் வந்தது. "வீட்டுக்கு வாங்க" என்பது மட்டும்தான் பேச்சு. வந்து பார்த்தால் சமையலறை நாற்காலியில் பயிற்சி உடையோடு உட்கார்ந்திருந்தாள். கம்பு சுவரில் சாத்தியிருந்தது.

"வரவேற்பு அறையில ஒண்ணும் ஓடல அண்ணி. பயிற்சிக் கூடத்துல, நான் நிக்கிற இடத்துல பெரிய திரை மாட்டியிருக்காங்க. பசங்க அதைப் பார்த்து சுத்தறாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நான் வர வேணாமாம். திரைய போட்டு நிறுத்த ஒரு ஆள் போதுமாம்."

ஸ்கேல் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கிட்டே போனாள்.

"நான் சுத்தறதை நானே பார்த்துக்கிட்டு நின்னேன். முட்டிய ஒரு தடவை தாழ்த்திட்டுத் திரும்புவேனே, அதுகூட அப்படியே. எவனோ ஒரு பையன் உடம்புல. முதுகுக்குப் பின்னால கை மாத்தறதும் இருக்கு."

"அது இருக்காதே. அந்த இடத்தையெல்லாம் நான் வெட்டிட்டேன்."

"பதிமூணாவதா இருக்கு. அதுவும் தப்பா இருக்கு. இடது கைக்குக் கம்பு வந்ததும் கட்டைவிரல் மேல்முனைப் பக்கம் இருக்கணும். அதுல கீழ்முனைப் பக்கம் இருக்கு. அப்படிப் பிடிச்சா அடுத்த சுத்துல மணிக்கட்டு பூட்டிக்கும், கம்பு முழங்கையில வந்து விழும். ஒரு சின்னப் பொண்ணு அப்படியே செஞ்சு வாங்கிக்கிட்டா. எங்க மேனேஜர்கிட்ட சொன்னேன். அளவு சரியா இருக்கு, அஞ்சு விரல் இருக்கு, அளந்துதானே வாங்கினோம்னாரு."

ஸ்கேல் அக்கா வந்த வேகத்தில் திரும்பி அலுவலகத்துக்குப் போனாள். பெயிண்ட் கடைப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். கோபம் ஒரு பக்கம், 'இருக்காது, ஏதோ தவறாக நடந்திருக்கும்' என்ற நப்பாசை இன்னொரு பக்கம். ஆசை யாரை விட்டது!

"சார், வாசல்ல ஓடற விளம்பரம்னு சொன்னீங்களே."

"அப்படித்தான் அக்கா சொன்னாங்க. பிறகு அவங்க மனச மாத்திக்கிட்டா நான் என்ன பண்ண?"

மேசைமேல் அந்த வேலையின் ஃபைல் கிடந்தது. அவள் கேட்காமலே எடுத்துப் பிரித்தாள். முதல் பக்கத்தில், அவளிடம் வேலை வந்து சேர்வதற்கு ஒரு வாரம் முந்திய தேதியில், மையத்தின் கடிதம்: பயிற்சியாளர் இல்லாமல் வகுப்பு நடத்த உதவும் வீடியோக்கள். கீழே முதலாளியின் கையெழுத்து. நெஞ்சில் வைத்த அதே கை.

"தெரிஞ்சேதான் சொல்லியிருக்கீங்க."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "உண்மைய சொல்லியிருந்தா உங்க நாத்தனாரைக் கூட்டிட்டு வந்திருப்பீங்களா? அவங்க இல்லாம அந்தக் கம்பு நேரா நின்னிருக்குமா? அக்கா, வேலைன்னு வந்தா..."

"பதிமூணாவது யாரு செஞ்சது?"

"நான்தான். மேனேஜர் முதுகுச் சுத்து கேட்டுக்கிட்டே இருந்தாரு. உங்க கணினியில தேடினேன், அருமையா நாலு தடவை சுத்தியிருந்தாங்க. உங்க ப்ராம்ப்டைத்தான் போட்டேன். நம்ப மாட்டீங்க, அஞ்சாவது முயற்சியிலேயே வந்துடுச்சு. நான்கூட ஸ்கேல் வச்சுப் பார்த்தேன்" என்று பெருமையாகத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் பார்த்தாள். கம்பு இம்மி பிசகாத நீளம். விரல் ஐந்து, நகம் ஐந்து. நிழலிலும் வேகத்திலும் மங்கிப்போன நாத்தனாரின் கையை மென்பொருளால் படிக்க முடியவில்லை. மங்கிய இடத்தில் தானாக ஒரு பிடியை வரைந்து நிரப்பியிருந்தது. அழகான கை. நாத்தனார் சொன்ன அதே தலைகீழ்ப் பிடி.

"அது அழிக்க வேண்டிய வீடியோ சார். அதைத் தொட உங்களுக்கு உரிமை கிடையாது."

"கம்பெனி கணினியில இருந்துச்சு. அழிக்க வேண்டியதுன்னா, நீங்க அழிச்சிருக்கணும் இல்லையா?"

அயோக்கியன் சொன்னாலும் அது உண்மைதான். அவள் படியிறங்கி வந்தாள். வழியெல்லாம் அவரைத் திட்டினாள். தேன் ஒழுகப் பேசுகிறவனை நம்பாதே என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! பதினெட்டு வருடம் இவருக்காக உழைத்தோமே, கூடவே வைத்திருந்து கழுத்தை அறுத்தாரே என்று நெஞ்சு கொதித்தது. அழுகை வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று துடைத்துக்கொண்டாள். வீட்டை நெருங்க நெருங்க, கோபம் மட்டும் பின்தங்கிப்போய் வேறொன்று முன்னால் வந்து நின்றது. நாத்தனார் இன்னும் ஒன்றைக் கேட்கவில்லை. கேட்பாள்.

நாத்தனார் அதே நாற்காலியில்தான் இருந்தாள். ஸ்கேல் அக்கா எதிரே உட்கார்ந்து, கடிதம், தேதி, கையெழுத்து எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். "ஆரம்பத்துலேர்ந்தே தெரியும் அவனுக்கு. நெஞ்சுல கை வச்சு சொன்னான். நம்ப வச்சுக் கழுத்த அறுத்துட்டான். என்னையும் சேர்த்துத்தான் ஏமாத்தினான். நாளைக்கே வேலைய விட்டுடறேன். மேனேஜர்கிட்ட வந்து அந்தப் பிடி தப்புன்னு நானே சொல்றேன்."

நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவள் மாதிரி கேட்டாள். "முதுகுச் சுத்து அவனுக்கு எப்படிக் கிடைச்சது அண்ணி? நீங்கதான் அன்னைக்கே அழிச்சிட்டீங்களே. அதுக்கு முன்னாடியே காப்பி எடுத்துட்டானா?"

தப்பிக்க வழி அங்கேயே இருந்தது. 'ஆமாம், எடுத்துட்டான் பாவி' என்றால் முடிந்தது. நாத்தனார் அந்த வழியைக் கதவு திறந்தே கொடுத்தாள். அண்ணி பொய் சொல்வாள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அது ஸ்கேல் அக்காவை அறைந்தது போல் இருந்தது.

"அழிக்கல" என்றாள். "ஆச்சுன்னு சொன்னேன். அழிக்கல. பழக்கம்... அழிக்கணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் எழுந்து அதை இறுக்கி மூடினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கத்தியிருந்தால் பதிலுக்கு அழுது, காலில் விழாத குறையாக ஏதாவது செய்திருக்கலாம்.

"உங்க முதலாளி ஏமாத்திட்டான், ஏமாத்திட்டான்னு சொல்றீங்க" என்றாள் நாத்தனார். "அவன் யாருன்னே எனக்குத் தெரியாது அண்ணி. அவன் வார்த்தைய நம்பியா நான் கம்ப எடுத்தேன்?"

நாத்தனார் சுவரில் சாத்தியிருந்த கம்பை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மையத்தில் அவளுக்கு மாதக் கடைசி வரை வகுப்பு இருந்தது. அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பிடியைத் திருத்திவிட்டுத்தான் அவள் விலகினாள். ஸ்கேல் அக்கா சொன்னபடி மறுநாளே வேலையை விட்டாள். பதிமூன்றாவது வீடியோவைக் கழற்ற வேண்டும் என்று மேனேஜரிடம் மூன்று முறை போனாள். மூன்றாவது முறை கழற்றினார்கள். மற்ற பன்னிரண்டும் ஓடுகின்றன. அவற்றில் ஒரு குறையும் கிடையாது.

இருவரும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பேசாமல் இல்லை. தண்ணீர் வந்ததா, தபால் வந்ததா என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் நாத்தனார் இப்போது எதை நம்பிக் கொடுப்பதானாலும், மாடிச் சாவியோ மருத்துவச் சீட்டோ, வாசலில் நின்று, "அண்ணன் இருக்காரா?" என்று கேட்கிறாள். அவர் வீட்டில் இல்லை என்றால், அவர் வரும் வரை காத்திருக்கிறாள்.